கிடேரிக் கன்று: பால் மறக்கடிப்பதிலிருந்து முதல் சினை ஊசி வரை

எங்கள் ஊரில் கிடேரியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில் கேட்பது வயதைத்தான். "ஒன்றரை வயசாச்சுங்க, இன்னும் பருவத்துக்கு வரலை" என்று வருத்தப்படுவார்கள். பக்கத்துத் தொழுவத்தில் அதே மாதம் பிறந்த கிடேரி அப்போது நான்கு மாதச் சினையாக நிற்கும். பருவத்துக்கு வருவதை முக்கியமாக முடிவு செய்வது எடைதான். முழு வளர்ச்சியில் ஒரு மாடு எவ்வளவு எடை இருக்குமோ, அதில் ஏறக்குறைய பாதியை நெருங்கும்போது கிடேரி முதல் முறை பருவத்துக்கு வரும். சினை ஊசி போடுவதற்கு நூற்றுக்கு அறுபது, அறுபத்தைந்து பங்காவது எடை வந்திருக்க வேண்டும்.

ஜெர்சி கலப்பு மாடு வளர்ந்தபின் 350 முதல் 400 கிலோ வரை இருக்கும். அதனால் ஜெர்சி கலப்புக் கிடேரிக்கு ஊசி போட 230 முதல் 250 கிலோ எடை வேண்டும். எச்.எஃப். கலப்பு என்றால் 260, 270 கிலோவாவது வரட்டும். இந்த எடையை 15 முதல் 18 மாதத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் இரண்டேகால் வயதுவாக்கில் முதல் கன்று போடும். இதில் ஓராண்டு தள்ளிப்போனால், ஒரு சொட்டுப் பாலும் வராமல் ஓராண்டுத் தீவனம் கைக்காசில் போகும்.

நான் இப்போது வைத்திருக்கும் செவலைக் கிடேரியின் கணக்கை வைத்தே சொல்கிறேன். ஜெர்சி கலப்பு, பிறந்த எடை 24 கிலோ. 17 மாதத்தில் 240 கிலோ என்று குறி வைத்தேன். இடையில் ஏற வேண்டியது 216 கிலோ, கையில் இருப்பது ஏறக்குறைய 515 நாள். அப்படியென்றால் நாளுக்கு 420 கிராம் ஏறினால் போதும், மாதத்துக்குப் பன்னிரண்டரை கிலோ. ஓரளவு நல்ல தீவனமும் குடற்புழு மருந்தும் சரியாகக் கிடைத்தால் எந்தக் கலப்பினக் கன்றும் எட்டக்கூடிய அளவு இது. ஆனால் இது தவறிப்போவதும் வெகு சுலபம். தவறும்போது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். அதனால் முதல் வேலை, அளக்கக் கற்றுக்கொள்வது.

எடை பார்க்க இஞ்ச் நாடா

தையல் கடையில் இருக்கும் அதே 60 அங்குல நாடா போதும். இரண்டு அளவு எடுக்க வேண்டும். ஒன்று மார்புச் சுற்றளவு: முன்னங்காலுக்கு ஒட்டிப் பின்புறம் நாடாவைச் சுற்றி, இறுக்காமலும் தொங்கவிடாமலும் பிடிக்க வேண்டும். இரண்டாவது நீளம்: தோளின் முன்முனையில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பிலிருந்து, வாலடிக்குப் பக்கத்தில் துருத்தும் புட்டத்து எலும்பு வரை. இரண்டையும் அங்குலத்தில் எடுத்து இப்படிக் கணக்குப் போடுங்கள்:

எடை (கிலோ) = சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 660

செவலை மூன்று மாதத்தில் சுற்றளவு 35, நீளம் 32 இருந்தது. 35 × 35 × 32 என்றால் 39,200. அதை 660-ஆல் வகுத்தால் 59 கிலோ சொச்சம்.

இது தராசு இல்லை, ஐந்து பத்து சதவீதம் முன்பின் வரும். அதனால் எப்போதும் காலையில், தண்ணீரும் தீவனமும் காட்டுவதற்கு முன், சமதரையில் நான்கு காலும் நேராக நிற்கும்போது, அதே ஆள் அளக்க வேண்டும். அப்படிச் செய்தால் எடையில் பிழை இருந்தாலும் மாதத்துக்கு மாதம் உள்ள வித்தியாசம் நம்பும்படியாக இருக்கும். நமக்கு வேண்டியதும் அந்த வித்தியாசம்தான். தொழுவத்துச் சுவரில் ஒரு காலண்டர் மாட்டி, ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் இரண்டு அளவையும் எழுதிவிடுகிறேன்.

பால் மறக்கடிப்பதற்கு முன்பே தொடங்கும் வேலை

சீம்பால் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஒன்றேகால், ஒன்றரை லிட்டர். அன்றைக்குள் அதே அளவு இன்னொரு முறை. நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நேரம் போகப் போக, சீம்பாலில் இருக்கும் எதிர்ப்புச் சக்தியை எடுத்துக்கொள்ளும் திறன் கன்றின் குடலுக்குக் குறைந்துகொண்டே போகும். தொப்புளுக்கு டிங்சர் அயோடின் வைக்க மறக்க வேண்டாம்.

அதன்பின் பால், உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. செவலைக்கு இரண்டரை லிட்டரில் தொடங்கி இரண்டாம் மாதம் 3 லிட்டர் கொடுத்தேன், காலை பாதி, மாலை பாதி. ஆனால் கன்றைப் பால் மறக்கவைப்பது பாலைக் குறைப்பதால் நடப்பதில்லை. தீவனம் தின்ன வைப்பதால் நடக்கிறது. இதற்குக் காரணம் கன்றின் வயிற்றில் இருக்கிறது.

ஆட்டுக் குடல் சுத்தம் செய்திருப்பவர்களுக்குத் தெரியும், பெரிய இரைப்பையின் உட்புறம் துண்டு போலச் சொரசொரவென்று முளைமுளையாக இருக்கும். தீவனத்திலிருந்து வரும் சத்தை உறிஞ்சுவது அந்த முளைகள்தான். பிறந்த கன்றுக்கு இரைப்பை சின்னதாக, உட்சுவர் வழவழவென்று இருக்கும். பால் குடிக்கும்போது ஒரு மடிப்பு மூடிக்கொண்டு பாலை நேராக நான்காவது இரைப்பைக்கு அனுப்பிவிடுவதால், எவ்வளவு பால் கொடுத்தாலும் பெரிய இரைப்பை வளராது. தானியத் தீவனம் உள்ளே போய்ப் புளித்தால்தான் முளைகள் வளரும். அதற்கு மூன்று வாரமாவது தொடர்ந்து தின்ன வேண்டும்.

அதனால் இரண்டாம் வாரத்திலிருந்தே தீவனம் காட்ட வேண்டும். பால் குடித்து முடித்ததும் ஒரு சிட்டிகை கன்றுத் தீவனத்தை வாயில் தடவுங்கள். சின்னத் தட்டில் ஒரு கைப்பிடி வையுங்கள். மறுநாள் மிச்சத்தை எடுத்துத் தாய்ப்பசுவுக்குப் போட்டுவிட்டுப் புதிதாக வையுங்கள், ஏனென்றால் எச்சில் பட்டுப் புளித்ததைக் கன்று தொடாது. வீட்டிலேயே கலப்பவர்களுக்கு நான் கலக்கும் அளவு: நூறு கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 45, கடலைப் புண்ணாக்கு 30, கோதுமைத் தவிடு 22, தாது உப்புக் கலவை 2, சாப்பாட்டு உப்பு 1. புண்ணாக்கை உடைத்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை வந்தால் மாட்டுக்கே கூடாது, கன்றுக்கு அறவே கூடாது.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் பக்கம் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. பால் குடிக்கும் கன்றுக்குத் தண்ணீர் வைத்தால் கழியும் என்று வைக்கவே மாட்டார்கள். பாலில் இருக்கும் நீர் பெரிய இரைப்பைக்குப் போவதில்லை. அங்கே தீவனம் புளிக்க வேண்டுமென்றால் தனியாகத் தண்ணீர் வேண்டும். முதல் வாரத்திலிருந்தே சின்ன வாளியில் சுத்தமான தண்ணீர் எந்நேரமும் இருக்கட்டும். தண்ணீர் வைத்த கன்று தீவனத்தை எப்படி எடுக்கிறது என்பதை ஒரே வாரத்தில் பார்க்கலாம். வைக்கோலை இந்த வயதில் மென்று விளையாட ஒரு பிடி போட்டால் போதும். அதனால் வயிறு ரொம்பும், உடம்பு தேறாது.

எப்போது, எப்படி நிறுத்துவது

கன்று தொடர்ந்து மூன்று நாள், நாளுக்கு முக்கால் கிலோவுக்குக் குறையாமல் தீவனம் தின்ன வேண்டும். பிறந்த எடையைப் போல இருமடங்காவது ஆகியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால் நிறுத்தலாம். பெரும்பாலும் பத்திலிருந்து பன்னிரண்டு வாரத்தில் வரும். பால் விலை ஏறியது என்று ஐம்பதாம் நாளே நிறுத்தினால், வயிறு தயாராகாத கன்று மெலிந்துபோகும். இதற்கு முன் நான் வளர்த்த கன்றுக்கு அதைத்தான் செய்தேன். நான்கு மாதத்தில் 70 கிலோவைத் தாண்ட வேண்டிய கன்று 56 கிலோவில் நின்றது. 22 மாதம் ஆகியும் அது ஊசி போடும் எடைக்கு வரவில்லை.

செவலை 72-ஆம் நாள் இந்த அளவைத் தொட்டது. முதலில் மாலைப் பாலை நிறுத்தினேன். ஒரு வாரம் காலைப் பால் ஒன்றரை லிட்டர் மட்டும். அடுத்த நான்கு நாள் முக்கால் லிட்டர். பிறகு நிறுத்தம். பாலில் தண்ணீர் கலந்து கலந்து குறைக்கும் வழக்கம் வேண்டாம், அது சரியாகத் திரியாமல் கழிச்சல் வரக்கூடும். அளவைக் குறையுங்கள், பால் பாலாகவே இருக்கட்டும். மாலைப் பால் நின்ற மூன்றாம் நாளே தட்டைத் துடைத்துவைத்தது போலக் காலி செய்ய ஆரம்பித்தது. அதுதான் பார்க்க வேண்டிய அடையாளம். மூன்று நாலு நாள் ஆகியும் தீவனம் கூடவில்லை என்றால் பாலைத் திரும்பக் கொடுத்து ஒரு வாரம் பொறுங்கள்.

பால் நிறுத்தும் அந்த இரண்டு வாரத்தில் வேறு எதையும் மாற்றக் கூடாது. கட்டும் இடத்தை மாற்றுவது, தீவனத்தை மாற்றுவது, தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் அதற்கு முன்போ பின்போ இருக்கட்டும். கொம்புக் குருத்தைச் சுடுவதென்றால் மூன்று வாரத்துக்குள்ளேயே கால்நடை மருத்துவரை வைத்து முடித்துவிடுவது நல்லது. இரண்டு கன்று இருந்தால் பால் மறந்த புதிதில் ஒன்றின் காம்பை ஒன்று சூப்பும். அப்படிச் சூப்பிய காம்பில் மடி நோய் புகுந்து, கன்று போடும்போது அந்தக் காம்பில் பால் இருக்காது. ஒரு மாதம் தனித்தனியே, ஆனால் ஒன்றை ஒன்று பார்க்கும்படி கட்டுங்கள்.

நான்கு முதல் எட்டு மாதம்: கன்று கைவிடப்படும் காலம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறதென்றால் இதைப் படியுங்கள். பால் குடிக்கும் வரை கன்று வீட்டார் கண்ணில் இருக்கும். பால் மறந்ததும் பின்கட்டில் ஒரு முளைக்குச்சிக்குப் போய்விடும். கறவை மாடு கழித்த வைக்கோல்தான் அதன் தீவனமாகும். வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. பெரிய மாடு அதை வைத்துச் சமாளிக்கும், கூடவே அதற்குப் புண்ணாக்கும் தவிடும் கிடைக்கிறது. நூறு கிலோக் கன்றின் வயிற்றுக்குள் போகும் அளவு சின்னது. அந்த இடத்தை வைக்கோல் அடைத்துக்கொண்டால் உடம்பு வளர எதுவும் மிஞ்சாது.

நானும் இதில் ஒருமுறை சறுக்கினேன். செவலை ஆறு மாதத்தில் சுற்றளவு 42, நீளம் 38, அதாவது 101 கிலோ. கணக்குப்படி சரியாக வந்துகொண்டிருந்தது. அடுத்த மாதம் வீட்டில் ஒரு கல்யாண வேலை, பசுந்தீவனம் அறுக்க ஆள் இல்லை. வைக்கோலும் மாலையில் அரைப்படி தவிடும்தான். ஏழாம் மாதம் முதல் தேதியில் அளந்தால் நாற்பத்திரண்டரை, முப்பத்தெட்டரை. 105 கிலோ. பன்னிரண்டு கிலோ ஏற வேண்டிய மாதத்தில் நான்கு கிலோ. நாடா இல்லாமல் கண்ணால் பார்த்திருந்தால் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன், ஏனென்றால் வயிறு பெருத்துப் பானை மாதிரி இருந்தது. அந்தப் பானை வயிறே கெட்ட அடையாளம் என்று பிறகுதான் உறைத்தது. முதுகில் மயிர் பளபளப்பு இல்லாமல் நிமிர்ந்து நின்றது. கட்டியிருந்த கயிற்றை மென்றுகொண்டிருந்தது.

கால்நடை மருந்தகத்தில் டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டியது வெளிறிப்போயிருந்தது. "சாணி கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். நல்லவேளையாக, அன்று காலை போட்ட புதுச் சாணியை எலுமிச்சை அளவு ஒரு பாலிதீன் பையில் எடுத்துப் போயிருந்தேன். சோதித்துப் பார்த்ததில் குடற்புழு முட்டை ஏராளம். மருந்து அன்றே கொடுத்தார், எடைக்கு ஏற்ற அளவில். இங்கேயும் நாடா உதவியது. எடை தெரியாமல் குறைவாக மருந்து கொடுத்தால் புழு சாகாது.

குடற்புழு மருந்தைப் பொறுத்தவரை, பிறந்த பத்துப் பதினைந்து நாளில் முதல் தடவை. தாயிடமிருந்து பால் வழியாகவே வரும் உருண்டைப் புழுவுக்காக இது. பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஒரே மருந்தையே திரும்பத் திரும்பக் கொடுக்காமல் டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்கு ஐந்தாம் மாதமும் ஆறாம் மாதமும் விட்டுப்போயிருந்தது.

தீவனத்தை இப்படித் திருத்தினேன். கலப்புத் தீவனம் நாளுக்கு ஒன்றரை கிலோ, இரண்டு வேளையாக. பசுந்தீவனம் பத்து கிலோ. அதில் ஏழு கிலோ கம்பு நேப்பியர், மூன்று கிலோ வேலிமசால். புல்வகையோடு பயறுவகைத் தீவனம் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்தால் புண்ணாக்குச் செலவு கணிசமாகக் குறையும். வரப்பில் அகத்தி இருந்தால் அதுவும் நல்லது. சவுண்டல் தழையை மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போட வேண்டாம், அதிலிருக்கும் நஞ்சால் மயிர் உதிரும். நேப்பியரைச் சிறு துண்டாக நறுக்கிப் போடுங்கள். முழுசாகப் போட்டால் கன்று இலையைத் தின்றுவிட்டுத் தண்டை மிதிக்கும். வைக்கோல் இரவுக்கு ஒரு பிடி. தாது உப்பு நாளுக்கு 20, 25 கிராம். அதற்குப் பிறகு கயிற்றை மெல்வது நின்றது.

எட்டாம் மாதம் அளந்தபோது நாற்பத்து நாலரை, நாற்பதரை. 121 கிலோ. ஒரே மாதத்தில் பதினாறு கிலோ. தேக்கம் ஒரு மாதத்தில் கண்டுபிடிக்கப்பட்டால் கன்று இப்படி விட்டதைப் பிடித்துவிடும். ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடித்தால் பிடிக்கவே முடியாது என்றில்லை, ஆனால் அந்த ஆறு மாதமும் ஊசித் தேதியில் அப்படியே தள்ளி நிற்கும்.

தடுப்பூசியில் ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கன்றுவீச்சு நோய்க்கான தடுப்பூசி பெண் கன்றுக்கு மட்டும், நான்கிலிருந்து எட்டு மாதத்துக்குள் ஒரே முறை போடுவது. அந்த வயது போனால் போனதுதான். கோமாரிக்கு நான்கு மாதத்தில் தொடங்கி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுவர வேண்டும்.

ஒன்பது மாதத்துக்கு மேல்: கொழுக்கவும் விடக்கூடாது

இதுவரை குறைவாகப் போடும் ஆபத்தைச் சொன்னேன். அளந்து போடத் தொடங்கியவர்கள் சிலர் எதிர்ப்பக்கம் சாய்வதையும் பார்க்கிறேன். நாளுக்கு மூன்று நாலு கிலோ கலப்புத் தீவனம், பசுந்தீவனம் கொஞ்சம். கிடேரி மினுமினுவென்று வரும், ஆனால் பருவம் வருவதற்கு முந்திய இந்த மாதங்களில் மடிக்குள் பால் சுரக்கும் திசு வளர வேண்டும். கிடேரி கொழுத்தால் அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும். பிறகு மடி பெரிதாகத் தெரியும், கறந்தால் பால் வராது.

கொழுக்கிறதா வளர்கிறதா என்பதையும் அதே நாடா சொல்லும். சுற்றளவு ஏறும்போது நீளமும் கூடவே ஏறினால் எலும்பும் சதையும் வளர்கிறது. இரண்டு மாதமாகச் சுற்றளவு மட்டும் ஏறி நீளம் நின்றுவிட்டால், வாலடியைத் தொட்டுப் பாருங்கள், மெத்தென்று இருக்கும். கலப்புத் தீவனத்தைக் குறைத்துப் பசுந்தீவனத்தைக் கூட்டுங்கள். ஆறு மாதத்துக்குப் பின் என் கலவையில் கடலைப் புண்ணாக்கை 20 ஆகக் குறைத்து, தவிட்டை 32 ஆக்கிவிட்டேன். ஒரு வயது வரை அதில் ஒன்றரை கிலோ, அதன்பின் 2 கிலோ. பசுந்தீவனம் பன்னிரண்டில் தொடங்கிப் பதினைந்து, இருபது கிலோ வரை. செவலை ஒரு வயதில் 176 கிலோ நின்றது. சுற்றளவு ஐம்பதரை, நீளம் நாற்பத்தைந்தரை.

முதல் பருவமும் முதல் ஊசியும்

பதின்மூன்றாம் மாதம் ஒரு காலையில் செவலை தீவனத்தில் வாய் வைக்காமல் கத்திக்கொண்டே இருந்தது. பின்னால் கண்ணாடி போலத் தெளிந்த வழும்பு ஒழுகியது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா பார்த்துவிட்டு, "பருவத்துக்கு வந்துருச்சு கண்ணு, இன்னிக்கே ஊசி போட்டுரு" என்றார். அன்றைக்கு எடை 188 கிலோ.

நான் போடவில்லை. 188 கிலோவில் ஊசி போட்டால் சினை நிற்கும், ஆனால் கன்று போடும்போது இடுப்பெலும்பு விரிய இடம் இருக்காது. கன்றை இழுத்து எடுக்க வேண்டிவரும், சில சமயம் இரண்டில் ஒன்றை இழப்போம். தப்பித்தாலும், தான் வளர்வதா, வயிற்றுக் கன்றை வளர்ப்பதா, பால் கொடுப்பதா என்று உடம்பு திண்டாடும். முதல் ஈற்றில் பாலும் குறையும், அடுத்த சினையும் தள்ளும். பெரியம்மாவிடம் நாடாவைக் காட்டி, "இன்னும் 50 கிலோ இருக்குங்க பெரியம்மா" என்றேன். தேதியை மட்டும் காலண்டரில் குறித்தேன். 21 நாள் கழித்து மறுபடி அதே போல வந்தது. பருவம் ஒழுங்காகச் சுழல்கிறது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

பதினேழாம் மாதம் சுற்றளவு 56, நீளம் 51. 242 கிலோ. காலண்டர் பார்த்து எதிர்பார்த்த நாளில் விடிகாலை ஐந்து மணிக்கே தொழுவத்துக்குப் போய் நின்றேன். மற்ற மாடு மேலே தாவும்போது விலகாமல் அசையாமல் நின்றது. அதுவே சரியான அடையாளம். காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலை, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை ஊசி. கிடேரிக்கு ஜெர்சிக் காளையின் உறைவிந்தே கேட்டு வாங்குங்கள். பெரிய உடம்புக் காளையின் விந்து முதல் ஈற்றுக்கு வேண்டாம்.

எடை வந்தும் 18 மாதம் தாண்டிப் பருவம் காட்டாத கிடேரியை வீட்டில் வைத்து மருந்து தேடாமல் டாக்டரிடம் காட்டிக் கருப்பையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வாங்கிய கன்று என்றால் காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறந்ததா என்று விற்றவரிடம் கேளுங்கள். அப்படிப் பிறந்த கிடேரிகளில் பத்துக்கு ஒன்பது சினை பிடிக்காது. அதை எத்தனை தீவனம் போட்டும் மாற்ற முடியாது. சில கிடேரிகள் சத்தமே இல்லாமல் இரவில் பருவம் காட்டிவிட்டு விடிவதற்குள் ஓய்ந்துவிடும். வெயில் காலத்தில் இது அதிகம். இரவு பத்து மணிக்கும் ஒருமுறை டார்ச்சோடு போய்ப் பார்த்தால் அவற்றைப் பிடித்துவிடலாம்.

ஊசி போட்ட 21-ஆம் நாளில் செவலை கத்தவில்லை, 42-ஆம் நாளிலும் கத்தவில்லை. எழுபதாம் நாள் டாக்டர் கைவிட்டுப் பார்த்துச் சினை என்று சொன்னார். காலண்டரில் அடுத்த அளவுத் தேதியைக் குறித்தேன். வயிற்றில் கன்று பெரிதாகும்வரை, இன்னும் மூன்று நாலு மாதத்துக்கு அதே நாடாவும் அதே கணக்கும் பொருந்தும்.